பாரிஸ் பிரெஞ்சு படித்தவரின் மேசைக்குக் காங்கோ ஆவணம் வந்தால்

கேள்வி: நான் படித்தது பாரிஸ் பிரெஞ்சு. இப்போது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க பெல்ஜியத்திலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆவணங்கள் வருகின்றன. நாட்டுக்கு நாடு பிரெஞ்சு மாறும்போது ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று எப்படி முடிவு செய்வது?

தெரியாத சொல்லைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். செனகலில் பெட்ரோல் பங்க்கை 'எசான்ஸ்ரி' என்பார்கள். அபிஜானில் மினிபஸ் 'க்பாகா'. பிரஸ்ஸல்ஸில் காகிதங்களைப் போட்டு வைக்கும் கோப்பு 'ஃபார்த்'. இவற்றைப் பார்த்ததுமே தெரியவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும், தேடுவீர்கள், கிடைத்துவிடும். ஆபத்து எல்லாம் நன்றாகத் தெரிந்த சொற்களில்தான் இருக்கிறது. பாரிஸில் ஒரு பொருள், லியேஜில் வேறு பொருள், கின்ஷாசாவில் இன்னொன்று. எழுத்து ஒன்றேதான் என்பதால் கண் நிற்காமல் கடந்துபோய்விடும். எழுதி முடித்த ஆங்கில வாக்கியமும் வழுவழுப்பாக இருப்பதால் சரிபார்ப்பவரும் பிடிக்க மாட்டார்.

எல்லா நாட்டையும் தொட்டுப் போவதைவிட ஒரே இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: காங்கோ ஜனநாயகக் குடியரசு, அதாவது கின்ஷாசா காங்கோ. 1908 முதல் 1960 வரை அது பெல்ஜியத்தின் காலனி. பள்ளிக்கூடம், நகராட்சி, சட்டம் மூன்றும் பெல்ஜிய அச்சில் வார்க்கப்பட்டவை. குடும்பம், திருமணம், தெருவில் நடக்கும் அதிகாரம் ஆகியவற்றுக்கான சொற்களோ அந்த மண்ணின் வாழ்க்கையிலிருந்து பொருள் எடுத்துக்கொண்டவை. ஆகவே ஒரே பக்கத்தில் பெல்ஜிய அடுக்கும் ஆப்பிரிக்க அடுக்கும் சேர்ந்தே வரும். அதை ஒழுங்காகப் படிக்கப் பழகிவிட்டால் மற்ற நாடுகளின் ஆவணங்களில் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

புகலிடம் கேட்கும் ஒரு பெண்ணின் வாக்குமூலம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே கட்டிய பத்திதான், ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இப்படிப்பட்ட கோப்புகளில் சாதாரணமாக வருவது. பிரெஞ்சுச் சொற்களை அப்படியே விட்டுத் தமிழில் தருகிறேன்:

"அப்போது நான் லுபும்பாஷியில் 'சிஸியேம்' படித்துக்கொண்டிருந்தேன். 'மினெர்வால்' கட்டவில்லை என்று 'ப்ரெஃபே' எங்களைத் துரத்திவிட்டார். கென்யாவில் இருந்த 'பாப்பா'வின் 'பார்செல்'லுக்குப் போய்விட்டேன். அங்கே வைத்து என் 'தொத்'தை வாங்கினார்கள். அடுத்த வாரம் 'தினே' நேரத்தில் 'பாரியேர்' பக்கம் போனபோது எங்களுக்கு 'த்ரகாஸ்ரி' நேர்ந்தது."

பாரிஸ் பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர் இதை எப்படிப் படிப்பார்? பதினொரு வயதுச் சிறுமி. மாவட்ட அரசு அதிகாரி ஒருவர் பள்ளிக்கே வந்து அவளைத் துரத்துகிறார். அவள் கென்யா நாட்டுக்குப் போகிறாள், அப்பாவின் நிலத்துக்கு. அங்கே அவளுடைய வரதட்சணையை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஓர் இரவுச் சாப்பாட்டு நேரத்தில், ஏதோ ஒரு தடுப்பு வேலியருகே, சின்னச் சின்னத் தொல்லைகள். இவற்றில் பெரும்பாலானவை அவள் சொன்னதே அல்ல.

முதலில் 'சிஸியேம்'. ஆறாவது என்று பொருள். பிரான்ஸில் இடைநிலைப் பள்ளி வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுவார்கள். சேரும்போது ஆறாவது, பிறகு ஐந்தாவது, நான்காவது என்று இறங்கி, 'முதலாவது' முடித்து, கடைசியில் 'தெர்மினால்'. ஆகவே பிரான்ஸில் சிஸியேம் மாணவிக்கு வயது பதினொன்று இருக்கும். பெல்ஜியத்தில் இடைநிலைப் பள்ளியை நாம் எண்ணுவதுபோல் ஏறுவரிசையில் எண்ணுகிறார்கள். அங்கே ஆறாவது என்பது பள்ளியின் கடைசி ஆண்டு, வயது பதினேழு, பதினெட்டு. காங்கோவும் நெடுங்காலம் இந்தப் பெல்ஜிய முறையில்தான் எண்ணிவந்தது. போதாதற்குத் தொடக்கப் பள்ளியின் ஆறாம் வகுப்பும் சிஸியேம்தான். ஆக ஒரே சொல்லுக்குள் பதினொரு வயதும் பதினெட்டு வயதும் ஒளிந்திருக்கின்றன. வயதை வைத்தே முடிவாகும் ஒரு வழக்கில் இதைவிடப் பெரிய குழி கிடையாது.

ஆகவே நான் 'சிக்ஸ்த் கிரேடு' என்றும் எழுத மாட்டேன், 'ஃபைனல் இயர்' என்றும் சட்டென்று எழுத மாட்டேன். பத்தியிலேயே வேறு தடயம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இங்கே இருக்கிறது: ப்ரெஃபே. காங்கோவில் தொடக்கப் பள்ளியை நடத்துபவர் 'திரெக்தோர்'. இடைநிலைப் பள்ளியின் தலைவர்தான் 'ப்ரெஃபே தெ ஸெத்யூத்', சுருக்கமாக ப்ரெஃபே. இதுவும் பெல்ஜியத்தில் அரசுப் பள்ளித் தலைவருக்கு வழங்கும் பெயர்தான். ஆகவே அவள் இடைநிலைப் பள்ளியில் இருந்தாள், ஆறாவது என்றால் கடைசி ஆண்டு. ஆங்கிலத்தில் 'ஃபைனல் இயர் ஆஃப் செகண்டரி ஸ்கூல்' என்று போட்டு, மூலத்தில் சிஸியேம் என்று இருப்பதை ஒரு குறிப்பில் சொல்லிவிடுவேன்.

பிரான்ஸில் ப்ரெஃபே என்பவர் மாவட்டத்தில் அரசின் பிரதிநிதி. நம் ஊர்க் கலெக்டர் இடம் என்று சொல்லலாம். செனகல், கேமரூன் போன்ற முன்னாள் பிரெஞ்சு நிர்வாக நாடுகளிலும் அதே பொருள்தான். ஆகவே 'ப்ரெஃபே' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 'பிரிஃபெக்ட்' என்று எழுதுவதற்கு முன்பு நாட்டைக் கேட்க வேண்டும். கின்ஷாசா காங்கோ பள்ளி ஆவணம் என்றால் 'ஹெட்மாஸ்டர்' அல்லது 'ஹெட் டீச்சர்'. இன்னொரு எச்சரிக்கை: பிரிட்டிஷ் வாசகருக்கு 'பிரிஃபெக்ட்' என்றால் பள்ளி மாணவர் தலைவன். அப்படிப் போட்டால் ஒரு மாணவன் இன்னொரு மாணவியைப் பள்ளியை விட்டுத் துரத்தியதாக ஆகிவிடும். 'ப்ரொவிஸோர்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான். பிரான்ஸிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அவர் லிசேயின் தலைவர், பெல்ஜியத்து அரசுப் பள்ளியிலோ ப்ரெஃபேக்கு அடுத்தபடியில் இருப்பவர்.

மினெர்வால் எளிது, கல்விக் கட்டணம். பெல்ஜியத்தில் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கட்டணத்தைச் சொல்வார்கள், காங்கோவில் பள்ளிக்கும் சொல்வார்கள். துரத்தினார் என்ற வினைச்சொல்லில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். கட்டணம் கட்டாத பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, பணத்தோடு வா என்று சொல்வதைத்தான் காங்கோ பிரெஞ்சில் 'ஷாஸே' என்பார்கள். 'எக்ஸ்பெல்டு' என்று எழுதினால் நிரந்தரமாக நீக்கப்பட்டாள் என்று ஆகும். 'சென்ட் ஹோம்' என்பதே பொருந்தும்.

பள்ளியைப் பற்றிப் பேசும்போது பட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொழிபெயர்ப்பாளரால் ஒருவருக்கு நேரடி இழப்பு வருவது இங்கேதான். பிரான்ஸில் 'லிசான்ஸ்' மூன்று ஆண்டுப் பட்டம், ஆங்கிலத்தில் பேச்சலர்ஸ் என்று போடலாம். காங்கோவின் பழைய முறையில் முதல் மூன்று ஆண்டு 'கிரதுவா', அதன் பின் மேலும் இரண்டு ஆண்டு படித்தால்தான் லிசான்ஸ். மொத்தம் ஐந்து ஆண்டு. 2004-க்கு முந்தைய பெல்ஜியத்திலும் லிசான்ஸ் என்பது முதல் கட்டமான 'காந்திதாதியூர்' முடித்த பிறகு வரும் இரண்டாம் கட்டம்தான். கிடைத்த காங்கோ சான்றிதழில் லிசான்ஸ் என்று இருப்பதைப் பார்த்து 'பேச்சலர்ஸ்' என்று எழுதினால், படித்தவரின் இரண்டு ஆண்டுகள் ஒரே சொல்லில் காணாமல் போகும். 'மாஸ்டர்ஸ்' என்று எழுதுவதும் தவறு. எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று தீர்மானிப்பது மதிப்பீட்டு நிறுவனத்தின் வேலை. பிரிட்டனில் யுகே எனிக், அமெரிக்காவில் டபிள்யூஇஎஸ் போன்றவை அதற்காகவே இருக்கின்றன. லிசான்ஸ் என்ற பெயரை அப்படியே நிறுத்தி, 'கிரதுவாவுக்குப் பின் இரண்டு ஆண்டு படித்துப் பெறும் பல்கலைக்கழகப் பட்டம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.

'திப்ளோம் தெத்தா'வும் இப்படித்தான். சொல்லுக்குச் சொல் 'அரசுச் சான்றிதழ்'. பிரான்ஸில் செவிலியர் போன்ற தொழில்களுக்கு அரசு தரும் தகுதிச் சான்று. காங்கோவில் அது பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்கான சான்று, நம் பிளஸ் டூ மாதிரி. 'ஸ்டேட் டிப்ளமா' என்று விளக்கமில்லாமல் எழுதிவிட்டால், ஆங்கில வாசகர் அதைத் தொழிற்படிப்பு என்று எடுத்துக்கொள்வார். மதிப்பெண் வரிசையில் 'சாதிஸ்ஃபாக்ஸியோன்' என்று வருவதையும் கவனியுங்கள். ஆசிரியரின் பாராட்டு இல்லை அது, பெல்ஜிய முறையில் தேர்ச்சித் தரங்களில் கீழ்ப்படி. அதற்கு மேலே 'திஸ்தென்க்ஸியோன்', 'கிராந்த் திஸ்தென்க்ஸியோன்' என்று ஏறும்.

பத்திக்குத் திரும்புவோம். கென்யா. லுபும்பாஷி நகரம் ஏழு கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அவற்றில் ஒன்றின் பெயர் கென்யா. அவள் நாட்டைத் தாண்டவே இல்லை, ஊருக்குள்ளேயே வேறு பகுதிக்குப் போனாள். கென்யா நாட்டின் பெயருக்கு முன்பு பிரெஞ்சில் 'ஓ' வரும், இந்த ஊர்ப்பகுதிக்கு 'ஆ'. ஆனால் வாய்மொழியைக் கேட்டு எழுதிய பிரதியில் அந்த வேறுபாட்டை நம்ப முடியாது. புகலிட வழக்கில் மூன்றாம் நாடு ஒன்றில் தங்கினாரா என்பது பெரிய கேள்வி. ஆகவே ஆங்கிலத்தில் 'கென்யா கொம்யூன், லுபும்பாஷி' என்று தெளிவாகவே எழுத வேண்டும்.

கொம்யூன் என்றதும் அதன் தலைவர் நினைவுக்கு வருவார். பிரான்ஸில் அவர் 'மேர்', பெல்ஜியத்தில் 'பூர்க்மெஸ்த்ர்'. பெல்ஜிய ஆவணம் என்றால் இரண்டையுமே 'மேயர்' என்று எழுதலாம், குழப்பம் வராது. 'பர்கோமாஸ்டர்' என்றால் பழங்கதை வாசனை அடிக்கும். ஆனால் காங்கோவில் இரண்டு பதவியும் தனித்தனியாக இருக்கின்றன. லுபும்பாஷி போன்ற நகரம் முழுமைக்கும் ஒரு மேர், அதன் கீழே ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு பூர்க்மெஸ்த்ர். இரண்டையும் மேயர் என்று எழுதினால் யார் யாருக்கு உத்தரவிட்டார் என்பதே தலைகீழாகும். மேருக்கு 'மேயர்', பூர்க்மெஸ்த்ருக்கு 'கொம்யூன் மேயர்' என்று நான் பிரிக்கிறேன். பர்கோமாஸ்டர் என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் ஆவணம் முழுக்க மாறாமல் இருக்க வேண்டும்.

'பார்செல்' பிரான்ஸில் பெரும்பாலும் நிலத்துண்டு, வயல் துண்டு. காங்கோ நகரங்களில் அது சுவர் சூழ்ந்த வீட்டுமனை, உள்ளே பல வீடுகளும் பல குடும்பங்களும் இருக்கலாம். 'காம்பவுண்ட்' அல்லது 'ரெசிடென்ஷியல் பிளாட்' என்று எழுதலாம். மாலி, புர்கினா ஃபாசோ, செனகல் பக்கம் இதே இடத்தைக் 'கொன்செஸியோன்' என்பார்கள். அங்கே எடுத்த குடும்பக் கணக்கெடுப்பு அறிக்கையில் அதை ஆங்கிலத்தில் 'கன்செஷன்' என்று போட்டால் வாசகருக்குச் சுரங்க உரிமையோ கேன்டீன் உரிமையோதான் நினைவுக்கு வரும். 'ஹவுஸ்ஹோல்டு' என்று போட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் ஒரு கொன்செஸியோனுக்குள் பல 'மெனாஜ்', அதாவது தனித்தனிக் குடும்பங்கள், இருக்கும், எண்ணிக்கையே தவறிவிடும். சரி, அப்படியானால் ஆப்பிரிக்காவில் கொன்செஸியோன் என்றால் எப்போதும் காம்பவுண்ட்தானா? அதுவும் இல்லை. காங்கோவின் 1973 நிலச் சட்டத்தில் கொன்செஸியோன் என்பது அரசு நிலத்தின் மேல் ஒருவருக்குத் தரும் உரிமை. அங்கே 'கன்செஷன்' என்று ஆங்கிலத்தில் எழுதுவதுதான் சரி. கண்டத்தைத் தெரிந்துகொண்டால் போதாது, நாடும் துறையும் தெரிய வேண்டும்.

அடுத்து 'பாப்பா'. இங்கே தமிழ் படித்தவருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. லுபும்பாஷியில் பிரெஞ்சோடு கூட ஸ்வாஹிலி புழங்குகிறது. ஸ்வாஹிலியில் அப்பாவின் அண்ணன் 'பாபா ம்குப்வா', அதாவது பெரிய அப்பா, தம்பி 'பாபா ம்தோகோ', சின்ன அப்பா. பெரியப்பா, சித்தப்பா என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப் பழகியவர்கள் பிரெஞ்சில் பேசும்போது அப்பாவின் சகோதரரையும் பாப்பா என்றே சொல்வார்கள். பெரியம்மா பிள்ளை, சித்தப்பா பிள்ளை எல்லாம் 'ஃப்ரேர்', 'சேர்'. உடன்பிறந்தவர் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தால் 'அதே அப்பா, அதே அம்மா' என்று சேர்ப்பார்கள்.

இதை ஆங்கிலத்தில் 'ஃபாதர்' என்று போட்டுவிட்டு நகர்ந்தால், மூன்று பக்கம் முன்பு என் தகப்பனார் இறந்துவிட்டார் என்று அவள் சொன்னது பொய்யாகத் தெரியும். அதற்காக நீங்களாகவே 'அங்கிள்' என்று மாற்றுவதும் கூடாது. அது அவள் சொல்லாத ஒன்றை அவள் வாயில் வைப்பது. 'பாப்பா' என்பதை அப்படியே வைத்து, காங்கோவில் இந்தச் சொல் தந்தையின் சகோதரரையும் குறிக்கும் என்று அடிக்குறிப்பு போடுவதே நேர்மையான வழி. யாரைக் குறித்தாள் என்று கேட்பது விசாரிப்பவரின் வேலை. அப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவைப்பது நம் வேலை.

'தொத்' இந்தப் பத்தியிலேயே மிகவும் கவனிக்க வேண்டிய சொல். பிரான்ஸின் பழைய சட்டத்தில் தொத் என்றால் பெண் கொண்டுவரும் சீர், நம் வரதட்சணை. காங்கோவில் திசை நேர் எதிர். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுப்பது, நம் பரிசம். 1987-இல் வந்த காங்கோ குடும்பச் சட்டம் 361-ஆம் பிரிவில் இதைத் திருமணத்தின் பகுதியாகவே வைக்கிறது. ஆகவே 'என் தொத்தை வாங்கினார்கள்' என்றால் அவளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அவள் குடும்பத்தார் பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு அவளுக்குத் திருமணம் முடிவு செய்துவிட்டார்கள். கட்டாயத் திருமணம் பற்றிய வழக்கு என்றால் இந்த ஒரு வாக்கியம்தான் அதன் முதுகெலும்பு. 'டவுரி' என்று எழுதினால் அது ஒரு திருட்டு வழக்காகக்கூடத் தோன்றும்.

லண்டனில் படிக்கப்போகும் அதிகாரிக்கு 'பிரைட் பிரைஸ்' தெளிவாக இருக்கும். மானுடவியல் கட்டுரை என்றால் 'பிரைட்வெல்த்' என்ற சொல்லை அந்தத் துறையினர் விரும்புகிறார்கள், பெண்ணை விலைக்கு வாங்குவது போன்ற தொனி அதில் இல்லை என்பதால். ஆனால் படிப்பவர் நைரோபியிலோ கம்பாலாவிலோ இருந்தால் கதை வேறு. அங்கே ஆங்கிலத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பதையும் 'டவுரி' என்றுதான் சாதாரணமாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சு மட்டும் நாட்டுக்கு நாடு மாறவில்லை, ஆங்கிலமும் மாறுகிறது. யார் படிக்கப்போகிறார் என்று தெரியாமல் இந்தச் சொல்லை முடிவு செய்ய முடியாது.

கேமரூன் இதற்கு இன்னொரு உதாரணம். அங்கே ஆங்கிலமும் ஆட்சிமொழி, எனவே நிர்வாகப் பதவிகளுக்கு அரசே ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறது. ப்ரெஃபேக்கு 'சீனியர் டிவிஷனல் ஆபீசர்', சூ-ப்ரெஃபேக்கு 'டிவிஷனல் ஆபீசர்', 'தெபார்த்மான்' என்பதற்கு 'டிவிஷன்'. அகராதியில் என்ன இருந்தாலும் கேமரூன் ஆவணத்துக்கு இவைதான். நாமாக ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினால் அந்த ஊர்க்காரருக்கு எந்த அலுவலகம் என்றே புரியாது.

'தினே' நேரம். பிரான்ஸில் பொதுவாக தெஜ்னே மதியச் சாப்பாடு, தினே இரவுச் சாப்பாடு. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் தெஜ்னே காலை, தினே மதியம், 'சூப்பே' இரவு. காங்கோ ஆவணத்தில் இரண்டு பழக்கத்துக்கும் வாய்ப்பு இருக்கிறது, பேசியவர் எங்கே படித்தார், யாரோடு வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்து. அதனால் 'டின்னர்' என்று எழுதும் முன்பு வெளிச்சம், வெயில், சந்தை நேரம், பள்ளி விடும் நேரம் என்று ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுவேன். ஆங்கில டின்னரும் இங்கிலாந்தின் வடக்கில் மதியச் சாப்பாட்டைக் குறிக்கும் என்பதால் தடயம் கிடைத்தால் 'மிட்டே மீல்' அல்லது 'ஈவினிங் மீல்' என்று எழுதிவிடுவது பாதுகாப்பு.

'பாரியேர்' வேலியோ ரயில்வே கேட்டோ அல்ல. காங்கோ, ருவாண்டா, புருண்டி ஆவணங்களில் அது சாலையை மறித்து ஆட்களைச் சோதிக்கும் இடம். 1994 ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தின் ஆங்கிலத் தீர்ப்புகளில் இது 'ரோட்பிளாக்'. கொலைகளில் பல அந்த ரோட்பிளாக்குகளில் நடந்தன, 'பேரியர்' என்று எழுதினால் அந்த வரலாறே மறைந்துபோகும். 'செக்பாயின்ட்' என்று எப்போது போடலாம்? சட்டப்படி அரசு வைத்த சோதனைச் சாவடி என்பது மூலத்திலேயே தெளிவாக இருந்தால் மட்டும். யார் வைத்தது என்று தெரியாதபோது ரோட்பிளாக் பாதுகாப்பானது, அது யாருக்கும் அங்கீகாரம் தருவதில்லை.

அங்கே நேர்ந்த 'த்ரகாஸ்ரி', பாரிஸில் சில்லறைத் தொல்லை, அலுவலக இழுத்தடிப்பு. காங்கோவின் மனித உரிமை அறிக்கைகளில் இது கனமான சொல். படை வீரரோ காவலரோ ஆளை மறித்து மிரட்டுவது, இல்லாத வரியைக் கேட்பது, பொருளைப் பிடுங்குவது எல்லாம் இதில் அடங்கும். பணம் பறித்ததாகப் பக்கத்து வாக்கியம் சொன்னால் 'எக்ஸ்டார்ஷன்' என்று எழுதலாம். சொல்லவில்லை என்றால் 'ஹராஸ்மென்ட்' வரைதான் போக வேண்டும். ஊரில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும் என்பதற்காகச் சாட்சி சொல்லாத குற்றத்தைச் சேர்க்கக் கூடாது. இதில் நான் கறாராக இருப்பேன். 'அன்னாயன்ஸ்' என்று சுருக்குவதும் கூடாது, எக்ஸ்டார்ஷன் என்று ஊதுவதும் கூடாது.

ஐரோப்பாவுக்குள்ளேயே ஒரு சொல் எப்படிப் பிரியும் என்பதற்கு 'மியூத்துவெல்' ஒன்று போதும். பிரான்ஸில் அரசின் மருத்துவக் காப்பீடு கொடுத்தது போக மீதியைக் கொடுக்கும் கூடுதல் காப்பீடு அது, 'சப்ளிமென்டரி ஹெல்த் இன்ஷூரன்ஸ்'. பெல்ஜியத்தில் கட்டாய மருத்துவக் காப்பீட்டையே நடத்துவது மியூத்துவெல்தான், 'ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஃபண்ட்' என்று எழுத வேண்டும். பெல்ஜிய ஊழியருக்கு மியூத்துவெல் இல்லை என்றால் அடிப்படைக் காப்பீடே இல்லை என்று பொருள். பிரெஞ்சுக்காரருக்கு அப்படி இல்லை. ருவாண்டாவில் இதே சொல் சமூக அளவிலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பெயர், அங்கே ஆங்கிலத்தில் 'கம்யூனிட்டி பேஸ்டு ஹெல்த் இன்ஷூரன்ஸ்' என்றே வழங்குகிறார்கள். பெல்ஜிய மருத்துவக் கடிதத்தில் 'சவ்வார்' வினையையும் கவனியுங்கள். பாரிஸில் அது 'தெரியும்', பெல்ஜியத்தில் 'முடியும்' என்ற இடத்திலும் வரும். நோயாளிக்கு இனி நடக்க 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தால், அவரால் நடக்க முடியவில்லை என்றுதான் பொருள்.

இத்தனைக்கும் முன்பு ஆவணம் எந்த ஊருடையது என்று தெரிய வேண்டும். அனுப்பியவர் 'காங்கோ' என்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள், காங்கோக்கள் இரண்டு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் கின்ஷாசா, எதிர்க்கரையில் பிராஸாவில். இரு கரையிலும் லிங்காலா பேசுகிறார்கள். ஆனால் பிராஸாவில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அங்கே சிஸியேம் பதினொரு வயதுதான், ப்ரெஃபே நிர்வாக அதிகாரிதான், பள்ளி முடிவில் பக்கலோரியா. தலைப்புத் தாளில் தொலைபேசி எண் +243 என்றால் கின்ஷாசா காங்கோ, +242 என்றால் பிராஸாவில். பணம் காங்கோ ஃபிராங்கா, சிஎஃப்ஏ ஃபிராங்கா என்று பாருங்கள். ஒலிப்பதிவு கிடைத்தால் எண்களைக் கேளுங்கள்: எழுபதை 'செப்தாந்த்', தொண்ணூறை 'நொனாந்த்' என்று சொன்னால் பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, அல்லது கின்ஷாசா காங்கோ, ருவாண்டா, புருண்டி பக்கம்.

ஊர் தெரிந்த பிறகும் எழுதியவர் யார் என்பது மிச்சம் இருக்கிறது. கின்ஷாசாவில் உட்கார்ந்து ஐவரி கோஸ்ட்காரர் எழுதும் தொண்டு நிறுவன அறிக்கையில் நிறுவனப் பெயர்கள் காங்கோவினுடையதாக இருக்கும், தினே இரவுச் சாப்பாடாக இருக்கும். ஆகவே நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். பதவி, பள்ளி, சட்டம் போன்றவற்றுக்கு நாட்டைப் பார்ப்பேன். சாப்பாடு, உறவு, அன்றாட வினைச்சொற்களுக்கு எழுதியவரைப் பார்ப்பேன்.

தேடுவதற்கு, பிரெஞ்சு பேசும் நாடுகளின் சொற்களை நாடுவாரியாகக் காட்டும் இரண்டு இலவசத் தளங்கள் உண்டு: bdlp.org, dictionnairedesfrancophones.org. சந்தேகம் இல்லாத சொல்லையும் அதில் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் இவற்றால் பயன். ஆனால் ஒரு நாட்டின் பெயர் அங்கே இல்லை என்பதால் அந்தப் பொருள் அந்த நாட்டில் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பதவிப் பெயர்களுக்கு அந்த நாட்டின் சட்ட வாசகத்தையே தேடிப் பார்ப்பது இன்னும் நல்லது.

எல்லாம் பார்த்தும் தீராத சொல் ஒன்றிரண்டு இருக்கும். மேலே உள்ள பத்தியில் எனக்குத் தீராதது தினே. பக்கத்தில் ஒரு தடயமும் இல்லை. அங்கே 'அட் மீல்டைம்' என்று எழுதி, குறிப்பில் இப்படிச் சேர்ப்பேன்: மூலத்தில் உள்ள சொல், பேசியவரின் வழக்கத்தைப் பொறுத்து மதிய உணவையோ இரவு உணவையோ குறிக்கும், பத்தியிலிருந்து தீர்மானிக்க முடியவில்லை. அதே வரியை மின்னஞ்சலில் வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிடுவேன், விசாரணைக்கு முன்பு அந்தப் பெண்ணிடம் நேரம் என்ன என்று கேட்டுக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பு இருக்கட்டும் என்று.